33 வருஷம் தலைக்கு மேல பறந்தது, ஒரு நாள் எங்களையும் தூக்கிட்டுப் போனது



போன வெள்ளிக்கிழமை மடப்பள்ளிப் பணிக்கு நாங்க வரல. தகவலும் சரியா சொல்லல. அரிசி களையிறதுல இருந்து பிரசாதம் கட்டுறது வரைக்கும் எங்க வேலையையும் சேர்த்துச் செஞ்ச அக்கா தங்கச்சிங்களுக்கு முதல்ல நன்றி. "எங்க போனீங்க, உடம்பு சரியில்லையா"ன்னு புலனத்துல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் எழுத முடியல. அதனால இங்கயே விவரமா எழுதிடுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். பொறுமையா படிங்க.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் விமானத்துல ஏறிட்டோம். அதுதான் சேதி.

சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு 61, எங்களுக்கு 57. ஒரு பேத்தி இருக்கா. இத்தனை வயசுக்கு இதுதான் முதல் தடவை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில எங்க வேலைன்னு உங்களுக்குத் தெரியும். விமான நிலையம் பக்கத்திலேயேதான். 33 வருஷமா வேலை நேரத்துல தலைக்கு மேல விமானம் போகாத நாளே கிடையாது. தாழ்வா வரும்போது கேன்டீன் ஜன்னல் கண்ணாடி அதிரும். புதுசா வந்த நேப்பாளப் பிள்ளைங்க நிமிர்ந்து பார்ப்பாங்க. நாங்க பார்க்க மாட்டோம். பழகிப் போச்சுன்னு வெளியில சொல்லிக்கிறது. உண்மை என்னன்னா, பார்த்தா வயித்துக்குள்ள என்னமோ செய்யும்.

இந்தப் பயத்தை இதுவரைக்கும் நாங்க யார்கிட்டயும் ஒத்துக்கிட்டதில்ல. இன்னைக்கு ஒத்துக்கிறதுக்குக் காரணம் இருக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால ஜொகூர் பாருல இருக்கிற எங்க மகளுக்கு முதல் பிரசவம். நாள் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே பனிக்குடம் உடைஞ்சிருச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு மருமகன் போன் பண்ணுறார். மகன் கைத்தொலைபேசியில தேடிப் பார்த்து, "அம்மா, ராத்திரி ஏழரைக்கு ஒரு பிளைட் இருக்கு, ரெண்டு சீட் இருக்கு, போடட்டுமா"ன்னு கேட்டான். நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "திடீர்னு எடுத்தா டிக்கெட் விலை அதிகம்டா. பஸ்லயே போயிடுறோம்." எங்க வீட்டுக்காரர் அவர் பங்குக்கு, "உங்கம்மாவுக்குத் தலை சுத்தும்"னார். காசும் காரணமில்ல, தலைச்சுத்தலும் காரணமில்ல. ரெண்டு பேருக்குமே பயம். ஒருத்தரை ஒருத்தர் சாக்காட்டிக்கிட்டோம்.

சுங்கை நிபோங்ல ராத்திரி பஸ் ஏறினோம். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வழியில மழை, ஒரு இடத்துல விபத்து நடந்து காடிங்க வரிசையா நின்னுருச்சு. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தப்ப காலையில எட்டு மணி. குழந்தை ராத்திரி ஒரு மணிக்கே பிறந்தாச்சு. எங்க மகளுக்கு ரத்தம் நிக்காம போயி, ரத்தம் ஏத்தி, நல்லபடியா பிழைச்சிட்டா. அவ எங்களை ஒரு வார்த்தை கேக்கல. பத்திய சாப்பாடு ஆக்கிப் போட்டோம், எண்ணெய் தேய்ச்சு ஊத்தினோம், முப்பது நாள் கூடவே இருந்தோம். ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு மட்டும் ஒரு தரம் சொன்னா: "அன்னைக்கு ராத்திரி ரொம்பப் பயமா இருந்துச்சும்மா. நீ வந்துருவ, வந்துருவன்னு கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவ சாதாரணமாத்தான் சொன்னா. எங்களுக்கு அது நாலு வருஷம் நெஞ்சுல முள்ளா நின்னுச்சு.

இப்ப ரெண்டாவது. போன வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு. ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே போகுதாம். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆப்பரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். மகன் எங்க மூஞ்சியைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் கேக்குறதுக்கு முன்னாலேயே, "காலையில எத்தனை மணிக்குடா பிளைட்?"னு நாங்களே கேட்டுட்டோம். எங்க வீட்டுக்காரர் வாயே திறக்கல. மகன் டிக்கெட் போட்டுட்டு, "ஜன்னல் சீட்டும்மா உனக்கு, 24 எஃப்"னான். "எனக்கு எதுக்குடா ஜன்னல், உங்கப்பாவுக்குக் குடு"ன்னோம். அப்பா உடனே, "வேணாம் வேணாம், எனக்கு நடுவுலதான் வசதி"ன்னார். லாரி ஓட்டி நாடெல்லாம் சுத்தின மனுஷன்!

ராத்திரி தூக்கம் இல்ல. ஆளுக்கு 7 கிலோதான் கையில கொண்டு போகலாம்னு மகன் சொல்லியிருந்தான். பிரசவ மருந்துப் பொடி, பூண்டு, நல்லெண்ணெய், பழைய பருத்திச் சேலை எல்லாத்தையும் தராசுல வச்சு வச்சு எடுத்தோம். இவ்வளவு கவனமா எடுத்து வச்சும், பழக்க தோஷத்துல இஞ்சி நறுக்குற சின்னக் கத்தி பைக்குள்ள போயிருச்சு. விமான நிலையத்துல பையை எந்திரத்துல விட்டதும் நிறுத்திட்டாங்க. அங்க இருந்த பொண்ணு மரியாதையா, "மாக்சிக், இதைக் கொண்டு போக முடியாது"ன்னு எடுத்து வச்சிருச்சு. அடுத்து நாங்க அந்தக் கதவு மாதிரி இருக்கிறதுக்குள்ள நடந்தா கீ கீன்னு சத்தம். சேலையில குத்தியிருந்த ஊக்கு அஞ்சாறு! முதல் தடவை போறவங்க யாராவது இருந்தா இதை ஞாபகம் வச்சுக்குங்க. கத்தி, கத்தரிக்கோல் கைப்பையில கூடாது. ஊக்கும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

உள்ள போய் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் நாங்க, நடுவுல எங்க வீட்டுக்காரர், ஓரத்துல ஒரு தமிழ்ப் பையன். முப்பது வயசு இருக்கும். எங்க வீட்டுக்காரர் வாரைப் போடத் தெரியாம தடுமாறினதைப் பார்த்துட்டு, "குடுங்க அங்கிள்"னு போட்டு விட்டான். பேச்சுக் குடுத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு, ஜொகூர்ல விமானம் பழுது பார்க்கிற இடத்துல டெக்னிசியனாம். அண்ணன் கல்யாணத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போறான். எங்களுக்குத் தெய்வமே பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு.

கதவைச் சாத்தினாங்க. விமானம் மெதுவா பின்னால போக ஆரம்பிச்சது. அப்ப எங்க காலுக்குக் கீழ இருந்து ஒரு சத்தம். லொள், லொள், லொள்னு விட்டு விட்டு. நிக்கும், மறுபடி வரும். எங்க வீட்டுக்காரர், "கீழ யாரோ நாயைக் கொண்டு போறாங்க போல"ன்னார். நாங்க சும்மா இருப்போமா? மோல்டிங் பிரிவுல இத்தனை வருஷம் எந்திரச் சத்தத்தைக் கேட்டே எது பழுதுன்னு சொல்ற ஆளு. இது நாய் இல்ல, பம்பு சத்தம்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதால பயம் கூடிருச்சு. எங்க இடத்துல எண்ணெய் அழுத்தம் இறங்கினா ஹைட்ராலிக் பம்பு இப்படித்தான் இழுத்து இழுத்துக் கத்தும்.

"தம்பி, எண்ணெய் அழுத்தம் இறங்குதா?"ன்னு கேட்டோம்.

அந்தப் பையன் ஆச்சரியமா பார்த்தான். "ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"னான். அப்புறம் சொன்னான். இந்த வகை விமானத்துல எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யிற அமைப்பு ஒண்ணுக்கு மூணா இருக்காம். அதுல ஒண்ணை இடது எஞ்சின் ஓட்டுது, இன்னொண்ணை வலது எஞ்சின் ஓட்டுது. எஞ்சினை ஒண்ணு ஒண்ணாத்தான் கிளப்புவாங்க. அப்ப ஒரு பக்கம் அழுத்தம் இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது. நடுவுல இருக்கிற ஒரு கருவி, அழுத்தம் உள்ள பக்கத்துல இருந்து பலத்தை வாங்கி அடுத்த பக்கத்துக்குக் குடுக்கும். எண்ணெய் கலக்காது, பலம் மட்டும் போகும். கிளம்பும்போது அது சரியா வேலை செய்யுதான்னு தானே பரிசோதிச்சுக்கும். அந்தச் சத்தம்தான் இது. "இது கேட்டா நல்லதுதான் ஆன்ட்டி. ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் தாங்கும்னு அர்த்தம்"னான்.

இதைக் கேட்டதும் பாதி உயிர் வந்துச்சு. மறுபாதி ஓடுபாதையில போயிருச்சு. விமானம் முனையில போய்த் திரும்பி நின்னு, ஒரு உறுமல் உறுமிட்டு ஓட ஆரம்பிச்சது பாருங்க, முதுகை யாரோ பிடிச்சு சீட்டோட அழுத்தின மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் எங்க கையைப் பிடிச்சாரு. கல்யாணத்துல பிடிச்சதுக்கு அப்புறம் இவ்வளவு இறுக்கமா பிடிச்சதே இல்ல. நாங்க கண்ணை மூடி முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். சக்கரம் தரையில ஓடுற தடதடப்பு சட்டுன்னு நின்னுச்சு. அவ்வளவுதான். தரை போச்சு.

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, எஞ்சின் சத்தம் திடீர்னு குறைஞ்சுருச்சு. உடம்பு லேசா கீழ இறங்குற மாதிரி இருந்துச்சு. எங்க ரத்தம் உறைஞ்சு போச்சு. வேலை இடத்துல ஓடிக்கிட்டு இருக்கிற எந்திரம் சத்தத்தைக் குறைச்சா, அடுத்து நிக்கப் போகுதுன்னுதான் அர்த்தம். கண்ணைத் திறந்து அந்தப் பையனைப் பார்த்தோம். அவன் நிம்மதியா உட்கார்ந்திருந்தான். "ஏறுறதுக்கு மட்டும்தான் அவ்வளவு சக்தி வேணும் ஆன்ட்டி. கொஞ்சம் உயரம் போனதும் குறைச்சிருவாங்க. இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கோம்"னான். எங்க வீட்டுக்காரருக்கு இது உடனே புரிஞ்சிருச்சு. "மேட்டுல லாரியை ஏத்தின பிறகு காலைத் தளர்த்துற மாதிரி"ன்னார். அப்பத்தான் அவர் கை கொஞ்சம் தளர்ந்துச்சு.

"ஆன்ட்டி, கீழ பாருங்க, உங்க ஏரியா"ன்னான் அந்தப் பையன்.

பார்த்தோம். விமானம் வலது பக்கம் சாய்ஞ்சு திரும்பிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல் முழுக்கத் தரை. வெள்ளை வெள்ளையா தொழிற்சாலைக் கூரைங்க, வரிசையா பஸ்ஸுங்க, ஜெரஜாக் தீவு, கடல். எங்க தொழிற்சாலைக் கூரையில நீலத் தண்ணித் தொட்டி ஒண்ணு உண்டு. கண்டுபிடிச்சிட்டோம்! சுண்டு விரல் நகத்துல பாதி கூட இல்ல. அதுக்குக் கீழதான் எங்க 33 வருஷம். மூணு ஷிப்ட், சண்டை, சமாதானம், சம்பள நாள், மூத்தவன் வயித்துல இருந்தப்ப மயங்கி விழுந்தது எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழதான். காலை ஷிப்ட் பிள்ளைங்க அந்த நேரம் பசியாறிக்கிட்டு இருப்பாங்க. கண்ணாடி அதிர்ந்திருக்கும். யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாங்க.

கொஞ்ச தூரத்துல ரெண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளம், கடல் மேல யாரோ நூலை வளைச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு. அது மேல போற காடிங்க நகருதா நிக்குதான்னே தெரியல. "என்னங்க, இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு எங்க வீட்டுக்காரரை இழுத்தோம். அவரும் எங்க தோள் மேல தலையை வச்சு எட்டிப் பார்த்தார். அதுக்கப்புறம் அந்த ஜன்னலுக்கு ரெண்டு பேரும் போட்டி.

மேகத்துக்குள்ள போய் மேல வந்தாச்சு. வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு. அப்பத்தான் எங்க கண்ணுக்கு அது பட்டுச்சு. ஜன்னல் கண்ணாடியில, கீழ் ஓரத்துல, ஒரு ஓட்டை!

கீறல் இல்ல, தூசி இல்ல. ஊசியால குத்தின மாதிரி வட்டமா ஒரு ஓட்டை. அதைச் சுத்தி வெள்ளையா பனி பூத்திருக்கு. எங்க வேலையே இதுதான். வார்த்து வர்ற பிளாஸ்டிக் சாமானை விளக்குல தூக்கிப் பிடிச்சு, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புப் பெட்டியில போடுறது. இந்த ஜன்னல் எங்க மேசைக்கு வந்திருந்தா அப்பவே ஒதுக்கியிருப்போம். இதை மாட்டி இத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் பறக்குறாங்க!

குரல் நடுங்கிருச்சு. "தம்பி, கண்ணாடியில ஓட்டை."

அவன் சிரிச்சிட்டான். கேலிச் சிரிப்பு இல்ல. "பத்து வருஷமா இந்த வேலை செய்யுறேன் ஆன்ட்டி. முதல் தடவை ஏறின நாளே அதைக் கண்டுபிடிச்ச ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். அது பழுது இல்ல. வேணும்னே போட்டது"ன்னான்.

அவன் சொன்னதை எங்களுக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்லுறோம். முதல்ல, அது கண்ணாடியே இல்ல. அக்ரிலிக், நம்ம பிளாஸ்டிக் குடும்பம்தான். அதுவும் ஒண்ணு இல்ல, மூணு. நாம கை வைக்கிற உள்பக்கத் தகடு, நாம கீறாம இருக்கிறதுக்காக வச்ச மெல்லிசான காப்பு. வெளியில இருக்கிறதுதான் தடியானது, வேலை செய்யிறது. நடுவுல ஒண்ணு இருக்கு. அதுலதான் இந்த ஓட்டை.

மேல போகப் போக வெளியில காத்து மெலிஞ்சு போயிடும். நாம மூச்சு விடுறதுக்காக விமானத்துக்குள்ள காத்தை அழுத்தி வச்சிருக்காங்க. அதனால உள்ளே இருக்கிற காத்து எல்லா நேரமும் ஜன்னலை வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். நடுத்தகட்டுல ஓட்டை இருக்கிறதால, உள்காத்து அது வழியா போய் ரெண்டு தகட்டுக்கும் நடுவுல நிக்கும். நடுத்தகட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அதுக்குப் பாரமே கிடையாது. முழுப் பாரத்தையும் வெளித்தகடுதான் தாங்குது. நடுத்தகடு சும்மா காத்துக்கிட்டு இருக்கு. என்னைக்காவது வெளித்தகடு விரிஞ்சா, அன்னைக்கு இது பாரத்தை வாங்கிக்கும். அந்தச் சின்ன ஓட்டை வழியா காத்து கசியும்தான். ஆனா அந்த அளவு கசிவை விமானம் சமாளிச்சுக்கும்.

இன்னொரு வேலையும் அந்த ஓட்டைக்கு இருக்காம். நாம விடுற மூச்சுல ஈரம் இருக்கு. வெளியில அந்த உயரத்துல உறைநிலைக்கும் கீழ 30, 40 டிகிரி குளிர். தகடுகளுக்கு நடுவுல ஈரம் சேர்ந்தா ஜன்னல் முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி ஆகிடும். ஓட்டை இருக்கிறதால அப்படிச் சேராது. அதைச் சுத்தி மட்டும் கொஞ்சம் பனி பூக்கும். "ஓட்டை இல்லாட்டித்தான் ஆன்ட்டி நாங்க ஜன்னலை ஒதுக்குவோம்"னான்.

ரொம்ப நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கிட்டு இருந்தோம். தரம் பார்க்கிறதுல எங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு ஒரு நினைப்பு உண்டு. எது ஓட்டை, எது வழின்னு தெரியாம, பார்த்த உடனே சிவப்புப் பெட்டியைத் தேடியிருக்கோம். இந்தப் பயணத்தையும் நாலு வருஷத்துக்கு முன்னால அப்படித்தானே ஒதுக்கினோம்? என்னன்னு ஒருத்தரைக் கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா பயம் வெளியில தெரிஞ்சிடுமே.

அந்தப் பனிக்கு அந்தப் பக்கம் பார்வை போனப்ப, எங்க வீட்டுக்காரர் "அது என்ன?"ன்னார்.

கீழ மேகம் பஞ்சு விரிச்ச மாதிரி. அது மேல எங்க விமானத்தோட நிழல், கைக்குழந்தை விளையாடுற பொம்மை அளவுக்கு, கொஞ்சம் பின்பக்கமா ஓடிக்கிட்டே வருது. அந்த நிழலைச் சுத்தி ஒரு வட்டம். வில்லு இல்ல, முழு வட்டம். உள்ள மஞ்சள், வெளியில சிவப்பு, அதுக்கு வெளியில மங்கலா இன்னொரு சுத்து. மேகம் ஏறி இறங்கினா நிழல் பெருசாகுது, சிறுசாகுது. வட்டம் மட்டும் கூடவே வருது.

எங்களுக்குப் பேச்சே வரல. கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அந்தப் பையன் எழுந்து குனிஞ்சு பார்த்துட்டு, "அதிர்ஷ்டம் ஆன்ட்டி உங்களுக்கு"ன்னான். சூரியன் இந்தப் பக்கம், நாம நடுவுல, மேகம் அந்தப் பக்கம் இருந்தாத்தான் தெரியுமாம். காலையில தெற்குப் பக்கமா போறப்ப சூரியன் இடது கைப் பக்கம் இருக்கும், அதனால வலது பக்க ஜன்னல்காரங்களுக்குத்தான் கிடைக்கும். மேகத்துல இருக்கிற பொடிப்பொடித் தண்ணித் துளிங்க வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புறதால வர்ற வட்டமாம். அப்புறம் ஒண்ணு சொன்னான் பாருங்க. அந்த வட்டத்தோட நடு, பார்க்கிறவங்க உட்கார்ந்திருக்கிற இடத்தோட நிழல்லதான் விழும். முன்னால உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நிழலோட முன்பக்கத்துல நடு இருக்கும், நமக்குப் பின்பக்கத்துல இருக்கும். உத்துப் பார்த்தோம். ஆமா. இறக்கைக்குப் பின்னால, எங்க 24ஆவது வரிசை இருக்கிற இடத்துலதான் நடு இருந்துச்சு.

அத்தனை பேர் போற விமானத்துல, அந்த வட்டத்துக்கு நடுவுல நாங்க. பக்கத்து ஜன்னல்காரங்களுக்கு அவங்க.

மேகம் விலகினதும் வட்டம் போயிருச்சு. கீழ பழுப்பா ஒரு ஆறு வளைஞ்சு வளைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் அது பேராக் ஆறுதான்னு சத்தியம் பண்ணினார். எத்தனை தடவை அந்தப் பாலத்தை லாரியில தாண்டியிருக்கேன், இவ்வளவு வளைவு இருக்கும்னு தெரியாதேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனார்.

இறங்கும்போது காது அடைச்சு வலிச்சுச்சு. பின்னால ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துச்சு. வெளிக்காத்து அழுத்தம் கூடும்போது காதுக்குள்ள இருக்கிற காத்து அதுக்கு ஈடு குடுக்கணுமாம். எச்சில் முழுங்கினா அந்த வழி திறக்கும். கையில அசாம் பூய் இருந்துச்சு, ஆளுக்கு ஒண்ணு வாயில போட்டோம். புளிப்புக்கு எச்சில் ஊற, ரெண்டு தரம் முழுங்கினதும் பட்டுன்னு காது விட்டுருச்சு. அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட, "பால் குடும்மா, சரியாயிரும்"னோம். குடுத்தா, அழுகை நின்னுச்சு. முதல் தடவை ஏறினவங்க அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்ற அளவுக்கு வந்துட்டோம் பாருங்க!

செனாய்ல சுத்தியும் செம்பனைத் தோட்டம். மரங்க மேல உரசிடுமோன்னு நினைக்கும்போதே தரை தட்டிருச்சு. ஏறி இறங்கினது ஒரு மணி நேரம் சொச்சம்தான். அந்தத் தம்பி எங்க பையை எடுத்துக் குடுத்துட்டு, "மகளுக்கு நல்லபடியா ஆகும் ஆன்ட்டி"ன்னுட்டுப் போயிட்டான். பேரு கூடக் கேக்கல. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிஞ்ச பிள்ளையா இருந்தா, எங்க நன்றியைச் சொல்லிடுங்க.

மருத்துவமனை வார்டுக்குள்ள நுழைஞ்சப்ப மணி பதினொண்ணு. எங்க மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினா. எங்களைப் பார்த்துட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தா, திரும்ப எங்களைப் பார்த்தா. "ராத்திரி பஸ்லயா வந்தீங்க?"ன்னா.

"இல்லடா, பறந்து வந்தோம்"னோம்.

அவளுக்கு நம்பிக்கை வரல. அப்பாவைப் பார்த்தா. அவர் சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த ஏறும் சீட்டை எடுத்துக் காட்டினார். அவ அதைக் கையில வாங்கிக்கிட்டு அழுதா. நாங்களும் அழுதோம். ரெண்டு மணிக்குக் கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப, கதவு வரைக்கும் அவ கை எங்க கைக்குள்ளதான் இருந்துச்சு. ரெண்டே முக்காலுக்குப் பேரன் பிறந்தான். 2.9 கிலோ. தாயும் பிள்ளையும் நலம்.

பெரிய பேத்திக்கு நாலு வயசு. எல்லா விமானக் கதையையும் கேட்டுட்டு, "பாட்டி, ஜன்னல்ல ஏன் ஓட்டை?"ன்னா. சொன்னோம். "அப்ப நடுவுல இருக்கிறது சும்மாத்தான் இருக்குமா?"ன்னா. "சும்மா இல்லடா, வெளியில இருக்கிறதுக்கு ஏதாவது ஆனா பிடிச்சுக்கிறதுக்காகப் பக்கத்துலயே நிக்குது"ன்னோம். சொல்லும்போதே தொண்டை அடைச்சுருச்சு.

அவர் ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு வந்துட்டார். அதுவும் தனியா, ஜன்னல் சீட்டுலதான்னு கேள்வி! நாங்க மருமகனோட அம்மா வந்து சேர்ற வரைக்கும் இங்க இருப்போம். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை மடப்பள்ளிக்கு வந்துடுவோம். அதுவரைக்கும் பெரிய அண்டா கரண்டியை யாரும் இடம் மாத்தி வைக்காதீங்க.

நம்ம கோயில் பெரியவங்க சில பேர் எங்களை மாதிரியே சாக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்ல மாட்டோம். பயமா இருந்தா எங்ககிட்ட வந்து கேளுங்க. அந்த லொள் லொள் சத்தத்தைக் கூட வாயாலேயே செஞ்சு காட்டுறோம்.